கேள்வியைக் கீழிருந்து படிப்பவர்கள்

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு என் அக்கா மகள் வாட்ஸாப்பில் இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். கூடவே ஒரு வரி: "மாமா, ரெண்டும் ஒரே கணக்குதானே? முதல்ல ஓடின புரோகிராம் ரெண்டாவதுல ஏன் செத்துப் போகுது?"

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கோடிங் போட்டிப் பைத்தியம் புதிதாகப் பிடித்திருக்கிறது. படங்களைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டோக்கியோவில் இருக்கும் அட்கோடர் என்ற போட்டித் தளம் 2019 ஜனவரியில் ஒரு பயிற்சிப் போட்டி வைத்தது. A முதல் Z வரை இருபத்தாறு கேள்விகள், எல்லாமே டைனமிக் புரோகிராமிங் என்ற ஒரே உத்தியைப் பழக்குவதற்கு. அதில் D-யும் E-யும்தான் அவள் அனுப்பியவை. தலைப்பே `Knapsack 1`, `Knapsack 2` என்று இருக்கும். கேள்வியை வரிக்கு வரி ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாது. அடியில் இருக்கும் எண்களில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தப் போட்டிகள் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு கணக்கைக் கதையாகச் சொல்வார்கள். நீங்கள் அதற்கு ஒரு புரோகிராம் எழுதி ஏற்ற வேண்டும். தளத்தில் இருக்கும் இயந்திரம், உங்கள் கண்ணில் படாத பல உள்ளீடுகளைக் கொடுத்து அதை ஓட்டிப் பார்க்கும். விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. குறித்த நேரத்துக்குள் வர வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு நொடி. கேள்வியின் அடியில், உள்ளீடு எவ்வளவு பெரிதாக வரலாம் என்று சில வரிகள் இருக்கும். கான்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்பார்கள். நாம் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் அதைப் பேருந்து டிக்கெட்டின் பின்பக்கம் போலப் பார்ப்பார்கள். பழகியவர்கள் அங்கிருந்துதான் படிக்கவே தொடங்குவார்கள்.

கணக்கு இதுதான். உங்களிடம் N பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை w, ஒரு மதிப்பு v. பை தாங்கும் எடை W. அதை மீறாமல், மொத்த மதிப்பு அதிகபட்சமாக வரும்படி எவற்றை எடுத்து வைப்பீர்கள்? மூன்று பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: எடை 3, மதிப்பு 30, எடை 4, மதிப்பு 50, எடை 5, மதிப்பு 60. பை 8 தாங்கும். கிலோவுக்கு அதிக மதிப்பு தருவதை முதலில் எடு என்று மளிகைக்கடைக் கணக்குப் போட்டால், எடை 4 உள்ளது முதலில் உள்ளே போகும். மீதி 4-இல் எடை 3 மட்டுமே நுழையும். மொத்தம் 80. ஆனால் 3-உம் 5-உம் எடுத்திருந்தால் பை சரியாக நிரம்பி 90 கிடைத்திருக்கும். ஆகவே குறுக்கு வழி கிடையாது. சேர்க்கைகளை எப்படியாவது அலசித்தான் ஆக வேண்டும்.

இனி வரம்புகள்:

```
D:   N ≤ 100    W ≤ 10^5    v ≤ 10^9
E:   N ≤ 100    W ≤ 10^9    v ≤ 10^3
```

இந்த அடுக்கு எண்களை நான் மனதுக்குள் நம் கணக்கில்தான் வாசிப்பேன். 10^5 ஒரு லட்சம், 10^7 ஒரு கோடி, 10^9 நூறு கோடி. அதோடு ஒரு அளவுகோல் வேண்டும்: சி++ மொழியில் எழுதிய சாதாரண லூப், ஒரு நொடியில் ஏறக்குறைய பத்துக் கோடி சின்ன வேலைகளைச் செய்யும். ஒரு கூட்டல், ஒரு ஒப்பீடு, அரேயில் ஒரு கட்டத்தைத் தொடுவது, இந்த மாதிரி வேலைகள். துல்லியமான கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். லூப் எளிமையாக இருந்தால் சில மடங்கு கூடுதலாகவே ஓடும். நினைவகத்தில் அங்கும் இங்கும் தாவினால் குறையும். பைத்தானில் எழுதினால் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், சில சமயம் அதற்கும் கீழே. ஆனாலும் ஒரு கோடியா, பத்தாயிரம் கோடியா என்று பிரித்துச் சொல்ல இந்த முரட்டு அளவுகோல் போதும். நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

D-யை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொருளையும் எடு, எடுக்காதே என்று எல்லாச் சேர்க்கைகளையும் பார்ப்பதென்றால் 2^100. அது 31 இலக்க எண், விட்டுவிடலாம். N நூறுதானே, சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் அடுக்கில் ஏறினால் நூறு பிரம்மாண்டம். அப்படியானால் வேறு எது சின்னது? W. ஒரு லட்சம்தான். அந்த அளவுக்கு ஓர் அட்டவணை கட்டிவிடலாம். j என்ற கட்டத்தில், j எடைக்குள் அடக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பை எழுதி வைப்போம். ஒவ்வொரு பொருள் வரும்போதும் எல்லாக் கட்டங்களையும் ஒரு முறை திருத்தினால் போதும்.

```cpp
for (int i = 0; i < n; i++)
  for (int j = W; j >= w[i]; j--)
    dp[j] = max(dp[j], dp[j - w[i]] + v[i]);
```

உள் லூப் மேலிருந்து கீழே இறங்குவதைக் கவனியுங்கள். ஏறுமுகமாகப் போனால் ஒரே பொருளை இரண்டு மூன்று தடவை பைக்குள் போட்டுவிடும். வேலை எவ்வளவு? நூறு பொருள்கள், ஒரு லட்சம் கட்டங்கள், மொத்தம் ஒரு கோடி. பத்துக் கோடியில் பத்தில் ஒரு பங்கு. சௌகரியமாக நுழைகிறது.

அக்கா மகள் எழுதியிருந்தது இதைத்தான். அதையே E-யில் ஏற்றியிருக்கிறாள். அங்கே W நூறு கோடி. நூறு கோடி கட்டங்கள், கட்டத்துக்கு 8 பைட் என்றால் அட்டவணைக்கு மட்டும் 8 ஜிபி. போட்டியில் அனுமதி 1 ஜிபி. லூப் தொடங்குவதற்கு முன்பே புரோகிராம் விழுந்துவிட்டது. நினைவகம் எப்படியோ கிடைத்திருந்தாலும் வேலை பத்தாயிரம் கோடி. பத்துக் கோடிக்கு ஒரு நொடி என்றால் ஆயிரம் நொடி, பதினாறு நிமிடத்துக்கு மேல். அனுமதி இரண்டு நொடி.

போன் போட்டேன். "ரெண்டு கேள்வியிலயும் எது பெருசாச்சு, எது சின்னதாச்சுன்னு பாத்தியா?"

"W பெருசாச்சு. அதான் ஓடலை."

"சின்னதானது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "v... ஆயிரம்தான்."

"கேள்வி எழுதினவர் அதை ஏன் சின்னதாக்கணும்? பெருசாவே விட்டிருக்கலாமே?"

வரம்பைப் படிக்கும் கலையில் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். பெரிய எண், எந்த வழி அடைபட்டது என்று மட்டும் சொல்லும். திறந்திருக்கும் வழியைக் காட்டுவது, அதன் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் சின்ன எண். கேள்வி எழுதுகிறவருக்கு எதையும் சும்மா சின்னதாக வைக்கும் அவசியம் இல்லை. அவருடைய சொந்தத் தீர்வு ஓட வேண்டுமே என்பதற்காக வைக்கிறார். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்.

ஒரு பொருளின் மதிப்பு ஆயிரத்துக்கு மேல் போகாது, பொருள்கள் நூறு. ஆக மொத்த மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டவே தாண்டாது. அந்த ஒரு லட்சம் மறுபடியும் வந்துவிட்டது பாருங்கள், வேறு வாசல் வழியாக. அட்டவணையை எடைக்குக் கட்டாமல் மதிப்புக்குக் கட்டினால் தீர்ந்தது. கட்டத்தில் எழுதும் செய்தியும் தலைகீழாகும்: s என்ற மதிப்பைச் சரியாகத் திரட்ட, குறைந்தபட்சம் எவ்வளவு எடை ஆகும்?

```cpp
for (int i = 0; i < n; i++)
  for (int s = S; s >= v[i]; s--)
    dp[s] = min(dp[s], dp[s - v[i]] + w[i]);
```

தொடக்கத்தில் `dp[0]` பூஜ்யம், மற்றவை எல்லாம் எட்ட முடியாத ஒரு பெரிய எண். நம் மூன்று பொருள்களை இதில் ஓட்டிப் பார்க்கலாம். முதல் பொருள் வந்ததும் 30 என்ற மதிப்புக்கு எடை 3 என்று எழுதுகிறோம். இரண்டாவது வந்ததும் 50-க்கு 4, 80-க்கு 7. மூன்றாவது வந்ததும் 60-க்கு 5, 90-க்கு 8, 110-க்கு 9, 140-க்கு 12. இனி மேலிருந்து கீழே வருகிறோம். 140-க்கு எடை 12, பை தாங்காது. 110-க்கு 9, அதுவும் தாங்காது. 90-க்கு 8, தாங்கும். விடை 90. W நூறு கோடியானாலும் இந்த அட்டவணைக்குக் கவலையில்லை. கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் அது தேவைப்படுகிறது. வேலை மறுபடியும் நூறு பெருக்கல் ஒரு லட்சம், அதே ஒரு கோடி.

வரம்பில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கும். வேகத்தைத் தேடும் அவசரத்தில் அதை விட்டுவிடுவார்கள். சி++ மொழியில் `int` என்ற வகை எண் 2147483647 வரைதான் தாங்கும், ஏறக்குறைய 214 கோடி. D-யில் ஒரு பொருளின் மதிப்பு நூறு கோடி வரை வரலாம். நூறு பொருள்கள் சேர்ந்தால் பத்தாயிரம் கோடி. `int`-இல் எழுதினால் வழிந்து, குறைமதிப்பு எண்ணாகக்கூட வெளியே வரும். E-யில் இதே ஆபத்து எடையின் பக்கம் இருக்கிறது. இரண்டிலும் `long long` வேண்டும். இந்தப் பிழை பொல்லாதது. கேள்வியோடு தரும் மாதிரி உள்ளீடுகள் பெரும்பாலும் குட்டி எண்களாக இருப்பதால் எல்லாம் சரி என்றே காட்டும். ஏற்றிய பிறகுதான் தவறான விடை என்று திரும்பி வரும், காரணம் சொல்லாமல்.

"அப்போ ரெண்டுமே பெருசா இருந்தா?" என்றாள். நல்ல கேள்வி. எடையும் நூறு கோடி, மதிப்பும் நூறு கோடி என்றால் இரண்டு அட்டவணைகளும் போச்சு. பொதுவான நிலையில் இந்தக் கணக்குக்கு வேகமான வழி எதுவும் யாருக்கும் தெரியாது, கணினியியலில் என்.பி. கடினம் என்ற வகையில் சேர்த்திருக்கிறார்கள். எனவே எல்லாமே பெரிதாக இருக்கும் ஒரு பைக் கணக்கைப் போட்டியில் பார்த்தால், வரம்பில் எங்கேயோ ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். இல்லையென்றால் எழுதியவராலேயே அதைத் தீர்க்க முடியாது.

அதே தளத்தின் வாராந்தரத் தொடரில் ABC 032 என்ற போட்டியின் D கேள்வி இதற்கு நல்ல உதாரணம். அதுவும் இதே பைதான். எடை, மதிப்பு, கொள்ளளவு மூன்றும் நூறு கோடி வரை. N 200 வரை. பயமாக இருக்கும். ஆனால் கீழே ஒரு வாக்குறுதி உண்டு: ஒவ்வொரு உள்ளீட்டிலும் மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்கும். N 30-க்குள் இருக்கும், அல்லது எல்லா எடைகளும் 1000-க்குள், அல்லது எல்லா மதிப்புகளும் 1000-க்குள். பின்னிரண்டும் நாம் இப்போது பார்த்த அட்டவணைகள்தான். புதிது அந்த 30.

முப்பது பொருள்களுக்கு எல்லாச் சேர்க்கைகளும் என்றால் 2^30, அதாவது 107 கோடி. பத்துக் கோடி அளவுகோலில் பத்து நொடிக்கு மேல். ஆனால் 2^100 போல நம்பிக்கையிழக்க வைக்கும் எண்ணும் இல்லை. எல்லைக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் நிற்கிறது. N முப்பது, நாற்பது என்று இப்படி அரைகுறையாக நிற்பதைப் பார்த்தால், பழகியவர்கள் கை தானாகவே அதைப் பாதியாக்கிப் பார்க்கும். பாதி 15. 2^15 வெறும் 32768. பொருள்களை இரண்டு குவியலாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலிலும் எல்லாச் சேர்க்கைகளையும் தனித்தனியாக எழுதிவிடலாம். பிறகு வலது குவியலின் சேர்க்கைகளை எடைவாரியாக வரிசைப்படுத்தி, எடை கூடியும் மதிப்பு கூடாதவற்றைத் தூக்கி எறிய வேண்டும். இடது குவியலின் ஒவ்வொரு சேர்க்கைக்கும், பையில் மீதி இருக்கும் இடத்துக்குள் வலதில் சிறந்தது எது என்று பைனரி சர்ச்சில் தேடினால் ஒரு தேடலுக்குப் பதினைந்து பதினாறு அடி. மொத்தம் ஐந்து லட்சம் அடி சொச்சம். 107 கோடி இங்கே வந்து நிற்கிறது. 40 வரைக்கும் இதே வித்தை தாங்கும், 2^20 பத்து லட்சம்தான் என்பதால்.

இந்த மாதிரி எண்களுக்கு ஓர் அகராதியே பழக்கத்தில் வந்துவிடும். ஹெல்சிங்கியைச் சேர்ந்த ஆன்ட்டி லாக்சோனன் எழுதிய 'காம்பெடிடிவ் புரோகிராமர்ஸ் ஹேண்ட்புக்' என்ற இலவசப் புத்தகத்தில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது: n 10 என்றால் எல்லா வரிசைமாற்றங்களையும் முயலலாம், 20 என்றால் எல்லா உட்கணங்களையும், 500 என்றால் n-இன் மூன்றாம் அடுக்கு, 5000 என்றால் n-இன் வர்க்கம், பத்து லட்சம் என்றால் ஒரு முறை வரிசைப்படுத்தி நடந்து போவது மட்டும். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பேன். பத்துக் கோடியை வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தால் எல்லாம் தானாக வந்துவிடும். 5000-இன் வர்க்கம் இரண்டரைக் கோடி, நுழையும். ஒரு லட்சத்தின் வர்க்கம் ஆயிரம் கோடி, நுழையாது. மனப்பாடக்காரர்கள் பட்டியலில் இல்லாத எண் வந்ததும் திகைத்துப் போவார்கள்.

எழுதுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே கணக்குதான். அவர் ஒரு தீர்வை மட்டும் எழுதுவதில்லை. போட்டியாளர்கள் முதலில் நினைக்கக்கூடிய மெதுவான தீர்வையும் எழுதி ஓட்டிப் பார்ப்பார். மெதுவானது கட்டாயம் சாக வேண்டும், நல்லது மெதுவான மொழியில் எழுதினாலும் முடிந்தவரை பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அகலமாக இருக்கும்படி வரம்பைக் குறிப்பார். D-யிலும் E-யிலும் வேலை பத்துக் கோடியை முட்டாமல் ஒரு கோடியில் நின்றதற்கு அதுதான் காரணம். இதனால் நமக்கு ஒரு சோதனையும் கிடைக்கிறது. உங்கள் தீர்வு அனுமதியில் முழுவதையும் விழுங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நுழைகிறது என்றால், எழுதியவர் மனதில் இருந்தது வேறு வழியாக இருக்கலாம்.

வரம்பை ஒழுங்காகப் படித்தும் நான் வழுக்கிய ஒரு இடம் உண்டு. ஒரு தளத்தின் ராத்திரிப் போட்டி. ஒரே உள்ளீட்டில் பல குட்டிக் கணக்குகள் அடுத்தடுத்து வரும். அவற்றின் எண்ணிக்கை t பத்தாயிரம் வரை, ஒவ்வொன்றின் n இரண்டு லட்சம் வரை. பெருக்கினால் 200 கோடி. ஆனால் எல்லாக் கணக்குகளின் n-களையும் கூட்டினாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டாது என்று அடுத்த வரியில் போட்டிருந்தார்கள். அதையும் படித்தேன், நிம்மதியானேன். n அளவுக்கு நேரம் எடுக்கும் தீர்வை எழுதினேன். மாதிரி உள்ளீடுகள் கண்சிமிட்டும் நேரத்தில் ஓடின. ஏற்றினால் நேரம் தாண்டிவிட்டது என்று வந்தது. தீர்வை மூன்று முறை மாற்றி எழுதினேன். மூன்று முறையும் அதே பதில்.

போட்டி முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு குட்டிக் கணக்கின் தொடக்கத்திலும் இரண்டு லட்சம் கட்டமுள்ள ஒரு அரேயை முழுவதும் பூஜ்யமாக்கிக்கொண்டிருந்தேன். கணக்கில் n வெறும் 3 ஆக இருந்தாலும் இரண்டு லட்சம் கட்டங்களைத் துடைக்கிறேன். அப்படிப் பத்தாயிரம் தடவை. கட்டத்துக்கு 8 பைட் வீதம் 16 ஜிபி நினைவகத்தைச் சும்மா எழுதித் தள்ளியிருக்கிறேன். கூட்டுத்தொகை வாக்குறுதி, n-ஐ ஒட்டிச் செய்யும் வேலைக்குத்தான் காப்பு. n-க்குச் சம்பந்தமில்லாமல் ஒவ்வொரு தடவையும் செய்யும் வேலை t-யால் பெருகும். `n + 1` கட்டங்களை மட்டும் துடைத்திருந்தால் முடிந்திருக்கும். இப்போதெல்லாம் ஏற்றுவதற்கு முன் இரண்டு உள்ளீடுகளை நானே தயாரிக்கிறேன். ஒன்று மிகப் பெரிய ஒரே கணக்கு. மற்றது பத்தாயிரம் பொடிக் கணக்கு. பெரும்பாலும் பழி வாங்குவது இரண்டாவதுதான்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. சில சமயம் எழுதுகிறவர் வேண்டுமென்றே வரம்பைச் சின்னதாக வைத்து வழியை மறைப்பார். ஒரே ஒரு சூத்திரத்தில் முடிகிற கணக்குக்கு n ≤ 100 என்று போட்டுவிட்டு நம்மை மூன்று அடுக்கு லூப்பில் அலையவிடுவார். இவ்வளவு வேலைக்கு மேல் கூடாது என்பதைத்தான் வரம்பு உறுதியாகச் சொல்லும். அவ்வளவு வேலை தேவை என்று அது எங்கும் சொல்லவில்லை. எந்த உத்தி என்றும் சொல்லாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது நான்காவது பையைக் கொடுத்தேன். ABC 060 போட்டியின் D, பெயர் `Simple Knapsack`. N 100 வரை, W நூறு கோடி, எடைகள் நூறு கோடி, மதிப்பு ஒரு கோடி வரை. பார்த்த மாத்திரத்தில் எந்த அட்டவணையும் தேறாது. 100 பாதியானாலும் 50, அதுவும் உதவாது. ஆனால் வரம்புகளுக்கு நடுவில் ஒரு விநோதமான வரி:

```
w_1 ≤ w_i ≤ w_1 + 3
```

எல்லா எடைகளும் முதல் பொருளின் எடையிலிருந்து அதிகபட்சம் மூன்றுதான் கூடும். இப்படி ஒரு நிபந்தனையைக் கதையின் போக்கில் யாரும் எழுத மாட்டார்கள். நான் அதைப் படித்தது இப்படி: நூறு கோடியாக இருந்தாலும் மொத்தம் நான்கே விதமான எடைகள். ஒரே எடையுள்ள பொருள்களில் மதிப்பு கூடியவற்றைத்தானே முதலில் எடுப்போம்? நான்கு கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மதிப்புப்படி இறங்குமுகமாக அடுக்கிவிட்டால், எந்தக் கட்டில் எத்தனை எடுப்பது என்பது மட்டுமே மிச்சம். நூறு பொருள்கள் நான்கு கட்டுகளில் சமமாக விழுந்தால்தான் சேர்க்கைகள் அதிகம். கட்டுக்கு 0 முதல் 25 வரை 26 வாய்ப்புகள், நான்குக்கும் 26^4, அதாவது 456976. ஐந்து லட்சம்கூட இல்லை.

அவள் வேறு மாதிரி எழுதியிருந்தாள். எல்லா எடைகளிலிருந்தும் முதல் எடையைக் கழித்துவிட்டாள். மிஞ்சுவது 0, 1, 2, 3 மட்டும். இனி அட்டவணைக்கு இரண்டு திசைகள்: எத்தனை பொருள் எடுத்தோம், அந்த மிச்சங்களின் கூட்டுத்தொகை எவ்வளவு. முதலாவது 100-க்குள், இரண்டாவது 300-க்குள். நூறு பொருள்களுக்கும் திருத்தினால் நூறு பெருக்கல் நூறு பெருக்கல் முந்நூறு, முப்பது லட்சம். கடைசியில் k பொருள் எடுத்திருந்தால் முதல் எடையின் k மடங்கையும் மிச்சத்தையும் கூட்டி, W-க்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

"என்னோடது ஆறு மடங்கு குறைவு" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது: "மாமா, அந்த +3-ஐ +50 ஆக்கினா?"

உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தொரு விதமான எடைகள். நூறு பொருள்கள் அவற்றில் இரண்டிரண்டாகப் பரவினால் கட்டுக்கு 3 வாய்ப்பு, அதை ஐம்பது தடவை பெருக்க வேண்டும். என் முறை அங்கேயே படுத்துவிட்டது. அவளுடைய அட்டவணையில் மிச்சங்களின் கூட்டுத்தொகை 300-இலிருந்து 5000 ஆகிறது, அவ்வளவுதான். நூறு பெருக்கல் நூறு பெருக்கல் ஐயாயிரம், ஐந்து கோடி. இரண்டு நொடிக்குள் தாராளமாக நுழையும்.